குறைகிற தொகை எவ்வளவு?

அறுவை சிகிச்சைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி அறக்கட்டளைகளுக்கு வரும் மனுக்களில் கண்ணீர் நிறைய இருக்கும். எவ்வளவு பணம் குறைகிறது என்ற எண் மட்டும் பெரும்பாலும் இருக்காது. "தங்களால் இயன்ற உதவி" என்று முடித்திருப்பார்கள். எழுதியவருக்கு அது பணிவு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கோ அது முடிவெடுக்க முடியாத மனு. ஒரு மருத்துவமனையின் சமூக நலப் பிரிவில் அந்த மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால், தெரிந்தவர்கள் இப்போதும் மனுவோடு வந்து நிற்பார்கள். மருத்துவமனை வாசல் டீக்கடை பெஞ்சுதான் எங்கள் ஆபீஸ்.

சமீபத்தில் வந்த ஒரு தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். ஹார்டுவேர் கடையில் வேலை, மாதம் 13,000 ரூபாய். அம்மாவுக்கு 46 வயது. வீட்டிலேயே தையல் தைத்து மாதம் மூவாயிரம் சம்பாதித்தவர், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு மிஷினைத் தொடவில்லை. அப்பா இல்லை. தங்கை பிளஸ் டூ. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது, செயற்கை வால்வு பொருத்த வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பீடு 2,60,000 ரூபாய்.

"எவ்வளவு கேட்கலாம்ணே? முழுசா கேட்டுடட்டுமா?" என்றார்.

கேட்கலாம், கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பது அந்த எஸ்டிமேட் தாளுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மருத்துவமனையின் தலைப்புத்தாளில், நோயாளியின் பெயர், பதிவு எண், நோய், செய்யப்போகும் அறுவை சிகிச்சை, இனம் வாரியாகச் செலவு, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். தம்பி திரும்பப் போய் வாங்கிவந்த தாளில் ஆறு வரிகள் இருந்தன. வால்வு 58,000. இதய நுரையீரல் இயந்திரத்துக்கான, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருட்கள் 42,000. மருந்தும் ரத்தமும் 35,000. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் கட்டணம் 55,000. தியேட்டர் 30,000. ஐ.சி.யு. நாலு நாள், வார்டு ஆறு நாள் சேர்த்து 40,000.

இந்த ஆறு வரியில் ஒரு கோடு இருக்கிறது. முதல் மூன்றும் மருத்துவமனை வெளியே காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. வால்வு கம்பெனிக்கும் மருந்து சப்ளையருக்கும் பில் கட்டியாக வேண்டும். ஏழைக்குப் போட்டோம் என்றால் கம்பெனிக்காரர் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த மூன்றும் 1,35,000. அடுத்த மூன்றும் மருத்துவமனையின் சொந்த வருமானம்: அவர்கள் மருத்துவர், அவர்கள் தியேட்டர், அவர்கள் கட்டில். அது 1,25,000. தள்ளுபடி என்ற சொல் உண்மையில் இந்த இரண்டாவது பாதிக்குத்தான் பொருந்தும். மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை தன் சொந்த வருமானத்தை விட்டுக்கொடுப்பது எளிது. கையிலிருந்து ரொக்கம் எடுத்து வால்வு வாங்கித் தருவது அவர்களுக்கும் கஷ்டம். அதற்கு வெளியே இருக்கும் அறக்கட்டளைகளைக் கேட்க வேண்டும். அவர்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது, ஏனென்றால் கட்டணம் அவர்களுடையது இல்லை. காசோலைதான் தர முடியும், அதுவும் மருத்துவமனையின் பெயருக்கு. நோயாளியின் கையில் பணம் வராது. வரும் என்று யாராவது சொன்னால், அவர் கமிஷன் கேட்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மனுவைப் பரிசீலிக்க நோயாளியிடம் காசு கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆக, ஒரே மனுவை நகல் எடுத்து நாலு இடத்துக்கு அனுப்பும் பழக்கம் முதலில் போக வேண்டும். தம்பிக்குத் தேவை இரண்டு மனு, இரண்டு வேறு கேள்வி.

அதற்கு முன் குடும்பத்தின் பங்கு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒன்றும் இல்லாதவன்தானே மனு போடுகிறான் என்பார்கள். ஆனால் ஒரு சிறு தொகையாவது வீட்டிலிருந்து வருகிறது என்று எழுதிய மனு வேகமாக நகர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மீதிப் பணம் வந்தால் அறுவை சிகிச்சை நிச்சயம் நடக்கும் என்று அதிலிருந்து தெரிகிறது. தங்கள் பணம் பாதிக் கிணற்றில் நின்றுவிடுமோ என்பதுதான் அறங்காவலர்களின் பயம். தம்பியால் சீட்டுப் பணம் 30,000, அம்மாவின் தோடு அடகு 20,000, முதலாளி முன்பணம் 10,000, ஆக 60,000 புரட்ட முடியும். மீதி இரண்டு லட்சம். அதைச் சரிபாதியாகப் பிரித்தோம். மருத்துவமனை அறக்கட்டளையிடம், அவர்களுடைய 1,25,000-இல் ஒரு லட்சம் தள்ளுபடி. வெளி அறக்கட்டளையிடம் வால்வும் இயந்திரப் பொருட்களும், 58,000-உம் 42,000-உம், சரியாக ஒரு லட்சம். மருந்து, ரத்தத்துக்கான 35,000-ஐயும் மருத்துவமனைக் கட்டணத்தில் மிஞ்சும் 25,000-ஐயும் குடும்பத்தின் 60,000 பார்த்துக்கொள்ளும். எந்த ரூபாய் எங்கே போகிறது என்பதைப் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிடலாம். படிப்பவரும் அதைத்தான் செய்யப்போகிறார்.

இப்போது வருமானச் சான்று. "ரேஷன் கார்டு இருக்கே, அரிசி வாங்கறோமே" என்றார். தமிழ்நாட்டில் அது போதாது. இங்கே பொது விநியோகம் எல்லாருக்குமானது, அரிசி வாங்கும் அட்டை வசதியானவரிடமும் இருக்கும். அட்டையில் பி.எச்.எச். என்ற முன்னுரிமைக் குறியீடோ, மிக வறியவருக்கான ஏ.ஏ.ஒய். குறியீடோ இருந்தால் துணைச் சான்றாக வைக்கலாம். அடிப்படைச் சான்று வருவாய்த்துறை தரும் வருமானச் சான்றிதழ்தான்.

அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும், பிறகு வருவாய் ஆய்வாளர், அதன் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் மின்கையெழுத்து. அதில் வருவது ஒரு ஆளின் வருமானம் இல்லை, குடும்பத்தின் ஆண்டு வருமானம். குடும்பம் யார் என்று பார்க்கக் குடும்ப அட்டையைத்தான் எடுப்பார்கள். கல்யாணமாகித் திருப்பூரில் தனிக்குடித்தனம் இருக்கும் அண்ணனின் பெயர் இன்னும் அம்மாவின் அட்டையில் இருந்தால், அவர் சம்பளமும் இந்தக் கணக்கில் ஏறக்கூடும். நிறைய சான்றிதழ்கள் இங்கேதான் வீங்குகின்றன. விண்ணப்பிக்கும் முன் அட்டையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, தனியே போனவர்களின் பெயரை நீக்கிவிடுவது நல்லது. அதற்கு நேரமில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் போய் விவரத்தைச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு வேறு சிக்கல். இ-சேவை மைய வாசலில் ஒருவர், "72,000-ன்னு போடு தம்பி, எல்லாரும் அதான் போடறாங்க" என்று யோசனை சொல்லியிருக்கிறார். இந்த 72,000-க்கு ஒரு வரலாறு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர நெடுநாள் அதுதான் ஆண்டு வருமான உச்சவரம்பு. 2022-இல் அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். வரம்பு மாறிவிட்டது, வாசலில் சொல்லும் எண் மாறவில்லை. 72,000 என்று போட்ட சான்றிதழைப் பார்த்ததும் அனுபவமுள்ள குமாஸ்தா அடுத்த தாளைத்தான் புரட்டுவார்.

அடுத்த தாளில் என்ன இருக்கும்? முதலாளி கொடுத்த சம்பளக் கடிதம், 13,000. வங்கிக் கணக்குப் புத்தகம், மாதம் ஒருமுறை சுமார் அதே தொகை வரவு. பன்னிரண்டால் பெருக்கினால் 1,56,000. சான்றிதழ் ஒன்று சொல்கிறது, பாஸ்புக் இன்னொன்று சொல்கிறது. 1,56,000 வருமானமுள்ள குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அறுவை சிகிச்சை முடியாத காரியம் என்பது யாருக்கும் புரியும். அதற்குப் பொய் தேவையே இல்லை. ஆனால் 72,000 என்று ஒரு தாள் சொல்லிவிட்டால், நோயே உண்மையா என்ற சந்தேகம் வரை போய்விடும். பல அறக்கட்டளைகள் வைத்திருக்கும் வருமான வரம்பு அரசுத் திட்டத்தின் வரம்பைவிட அதிகம். அது எவ்வளவு என்று போனில் கேட்டாலே சொல்வார்கள். கேட்காமல் பயந்துபோய் எண்ணைக் குறைப்பதுதான் நடக்கிறது.

1,56,000 என்பது காப்பீட்டுத் திட்டத்தின் 1,20,000-க்கு மேலே. அறக்கட்டளையின் முதல் கேள்வி எப்போதும், "முதலமைச்சர் காப்பீட்டில் ஏன் போடவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தரும் திட்டம் இருக்கும்போது அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. வரம்புக்குள் இருப்பவர் முதலில் அங்கேதான் போக வேண்டும், அரசு மருத்துவமனையிலும் வால்வு மாற்றுகிறார்கள். வரம்பை 36,000 ரூபாயில் தாண்டிவிட்ட தம்பி மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த மனு. அந்த ஒரு காரணத்தை மனுவிலேயே ஒரே வரியில் எழுதிவிட்டால் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம். அரசு மருத்துவமனை ஏன் இல்லை என்பதற்கும் உண்மையான பதில் வேண்டும். அம்மா நாலு வருடமாக இதே மருத்துவமனையில் இதே மருத்துவரிடம் பார்த்துவருகிறார் என்பது உண்மை, அதை எழுதினோம். அரசு ஆஸ்பத்திரியைத் திட்டி எழுத வேண்டாம் என்றேன். அதில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடைத்ததில்லை.

"நாங்க ஏழைன்னு பார்த்தாலே தெரியுமேண்ணே, எதுக்கு இத்தனை தாளு?" என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அறக்கட்டளை தன் கணக்கைத் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் அந்த ஆண்டு வருமானத்தில் பொதுவாக 85 சதவீதத்தையாவது தர்ம காரியத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். செலவிட்டது தர்ம காரியத்துக்குத்தான் என்பதற்குக் கோப்பில் தாள் வேண்டும். ஒவ்வொரு உதவிக்கும் பின்னால் மதிப்பீடு, வருமானச் சான்று, அடையாளச் சான்று, இறுதி பில் என்று ஒரு கற்றை இருந்தால்தான் அவர்கள் தப்பிப்பார்கள். இன்னொன்று, பல இடங்களில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவைப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பெட்டி காலியாக இருக்கும். அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், ஏப்ரலில் மறுபடி அனுப்பலாமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மருத்துவமனை அறக்கட்டளைக்கு நாங்கள் எழுதிய மனு இது. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

"பெறுநர்: நிர்வாக அறங்காவலர் அவர்கள்.

பொருள்: என் தாயாரின் இதய வால்வு அறுவை சிகிச்சைக் கட்டணத்தில் ரூ. 1,00,000 தள்ளுபடி வேண்டுதல்.

ஐயா, தங்கள் மருத்துவமனையில் இதயப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் என் தாயாருக்கு (வயது 46, பதிவு எண் மேலே) மைட்ரல் வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என மருத்துவர் எழுதியுள்ளார். மூன்று மாதத்துக்குள் செய்வது நல்லது எனவும் குறிப்பிட்டுள்ளார். மதிப்பீடு ரூ. 2,60,000.

தந்தை காலமாகிவிட்டார். குடும்பத்தில் சம்பாதிப்பவன் நான் மட்டுமே. மாத வருமானம் ரூ. 13,000, ஆண்டுக்கு ரூ. 1,56,000. வீட்டு வாடகை ரூ. 4,500. தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறார். தாயார் தையல் வேலையை உடல்நிலை காரணமாக நிறுத்திவிட்டார். வருமானம் ரூ. 1,20,000-க்கு மேல் உள்ளதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இயலவில்லை.

எங்களால் ரூ. 60,000 செலுத்த முடியும். வால்வு மற்றும் பொருட்களுக்கான ரூ. 1,00,000-க்கு வேறோர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்துள்ளேன், அதன் நகல் இணைப்பில். மீதமுள்ள ரூ. 1,00,000-ஐ மருத்துவர் கட்டணம், தியேட்டர், படுக்கைக் கட்டணங்களிலிருந்து தள்ளுபடி செய்து உதவ வேண்டுகிறேன்."

கீழே இணைப்புகளின் பட்டியல், தேதி, கையெழுத்து, பகலில் எடுக்கும் போன் எண். வெளி அறக்கட்டளைக்குப் போன மனுவில் கடைசிப் பத்தி மட்டும் வேறு: தொகையை மருத்துவமனையின் பெயருக்கே காசோலையாக அனுப்பும்படி கேட்டு, மருத்துவமனைக்குப் போட்ட மனுவின் நகலை இணைத்தோம். இன்னொரு இடத்திலும் கேட்டிருக்கிறோம் என்று சொன்னால் இருவரும் கை விரித்துவிடுவார்களோ என்று தம்பி தயங்கினார். மறைத்தால்தான் ஆபத்து. சமூக நலப் பிரிவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள். மதிப்பீட்டுக்கு மேல் பணம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் இரண்டு அனுமதியும் நின்றுபோகும்.

மனுவில் நான் அடித்த வரி ஒன்று உண்டு, வீட்டில் ஃபிரிட்ஜ் கூட இல்லை என்பது. இருந்தது, தவணையில் வாங்கியது. அறக்கட்டளையிலிருந்து வீடு பார்க்க ஆள் வரலாம். ஃபிரிட்ஜ் இருப்பதால் யாரும் மறுப்பதில்லை, இல்லை என்று எழுதிவிட்டு இருந்தால் மறுப்பார்கள். வீடு பார்க்க வருபவர்களில் மரியாதை தெரிந்தவர்களும் உண்டு, அலமாரியைத் திறந்து பார்ப்பவர்களும் உண்டு. காசோலையோடு நோயாளியை நிறுத்திப் படம் பிடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது. வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிப் பார்க்கலாம்.

தேதிதான் அடுத்தது. அனுமதிக் கடிதம் பில்லிங் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அட்மிஷன். அறுவை சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் பில்லோடு ஓடிவருபவர்களுக்குப் பெரும்பாலான அறக்கட்டளைகள் உதவ முடியாது. கட்டிவிட்ட பணத்தைத் திருப்பித் தருவது அவர்கள் விதிகளில் இருப்பதில்லை. அவசரமாகச் சேர்க்க நேர்ந்துவிட்டால், அன்றைக்கே சமூக நலப் பிரிவில் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வாங்கிவிட வேண்டும். வருமானச் சான்றிதழ் கைக்கு வராவிட்டால் இ-சேவை ஒப்புகைச் சீட்டை இணைத்து, சான்றிதழ் வந்ததும் தருகிறேன் என்று எழுதலாம்.

ஐ.சி.யு. நாட்கள் நாலு என்று எஸ்டிமேட் சொன்னால் நாலோடு முடியும் என்று நிச்சயமில்லை. ரத்தக்கசிவோ காய்ச்சலோ வந்து ஏழு நாளானால் பில் ஏறும். அப்போது பழைய மனுவைக் காட்டிக் கெஞ்சுவதில் பயனில்லை. ஏன் நாள் கூடியது என்று மருத்துவரிடம் இரண்டு வரி வாங்கி, கூடுதல் தொகைக்குத் தனி மனு, டிஸ்சார்ஜுக்கு முன்பே கொடுக்க வேண்டும். படுக்கைக் கட்டணம் மருத்துவமனையின் சொந்த வருமானம் என்பதால் இந்த இரண்டாவது மனுவையும் அவர்களிடமே போடலாம்.

தம்பி கேட்காத ஒரு செலவு மிச்சமிருந்தது. அம்மாவுக்கு வைக்கப்போவது உலோக வால்வு. ரத்தம் அதில் உறைந்துவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அளவு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாதச் செலவு பெரிதில்லை, ஆனால் காசில்லை என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும், பக்கவாதமும் வரலாம். இரண்டரை லட்சம் செலவழித்து வைத்த வால்வு சில நூறு ரூபாய் மாத்திரையில்லாமல் கெட்டுப்போவதைப் பார்த்தவன் நான். இதை அறுவை சிகிச்சை மனுவில் சேர்த்தால் குழப்பம். டிஸ்சார்ஜ் சுருக்கமும் இறுதி பில்லும் கைக்கு வந்ததும், இரண்டு அறக்கட்டளைகளுக்கும் அவற்றின் நகலை அனுப்பிவிட்டு, கூடவே பரிசோதனைக்கு மட்டும் கட்டண விலக்கு கேட்டு மருத்துவமனைக்கு ஒரு சின்ன மனு கொடுக்கச் சொன்னேன். மாத்திரையைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்க முடியுமா என்று மருத்துவரிடமே கேட்கும்படியும் சொல்லியனுப்பினேன்.